அந்திக் கணக்கு

நாள் முடிந்து படுக்கப் போகுமுன், அன்று காலை கண்விழித்தது முதல் அந்த நேரம் வரை நடந்ததை இறைவன் முன்னிலையில் திரும்பிப் பார்ப்பது கத்தோலிக்க மரபில் ஒரு செப முறை. தமிழ்நாட்டுக் கத்தோலிக்கர் இதை ஆத்தும சோதனை என்பார்கள். புதிய வழக்கில் ஆன்ம ஆய்வு என்றும் சொல்வதுண்டு. கால்மணி நேரம் போதும். புத்தகமோ விளக்கோ வேண்டியதில்லை. சிறிய செபம்தான், ஆனால் அதற்குள் ஓர் ஒழுங்கு உண்டு. அந்த ஒழுங்கைத் தெளிவாக வகுத்தவர் இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியார். 1548-இல் திருத்தந்தையின் ஒப்புதலோடு அச்சான அவருடைய 'ஆன்மீகப் பயிற்சிகள்' நூலில் ஐந்து படிகளாக இது இருக்கிறது.

முதல் படி நன்றி. பெற்ற நன்மைகளுக்காக இறைவனுக்கு நன்றி சொல்வதில் செபம் தொடங்குகிறது. இரண்டாவது, தன் பாவங்களை அறிந்து அவற்றை விலக்க அருள் கேட்பது. மூன்றாவது, எழுந்த நேரத்திலிருந்து மணிக்கு மணி நாளைக் கடந்து வருவது. முதலில் நினைவுகள், பிறகு சொற்கள், பிறகு செயல்கள். நான்காவது, பிழைகளுக்கு மன்னிப்புக் கேட்பது. ஐந்தாவது, அருளின் துணையோடு திருந்தி நடக்கத் தீர்மானிப்பது. கர்த்தர் கற்பித்த செபத்தோடு இது முடியும்.

இந்த ஐந்தில் பலரும் தாண்டிப் போவது முதல் இரண்டு. சோதனை என்றதும் குற்றங்களை எண்ணத் தொடங்கிவிடுகிறார்கள். இதற்கு அந்தத் தமிழ்ச் சொல்லும் ஒரு காரணம். சோதனை என்றால் அதிகாரிகள் வந்து வீட்டைப் புரட்டிப் பார்ப்பது, தேர்வு, துன்பம். கர்த்தர் கற்பித்த செபத்தில் அதே சொல் பாவத்துக்கு இழுக்கும் தூண்டுதலையும் குறிக்கிறது. மனசாட்சி என்னும் சொல்லும் அப்படித்தான். அது சாட்சிக் கூண்டையும் வழக்கையும் கூடவே கொண்டுவருகிறது. இஞ்ஞாசியார் எழுதிய ஸ்பானிய மொழியில் மனசாட்சிக்கும் உணர்வுக்கும் ஒரே சொல். தமிழில் அவை இரண்டாகப் பிரிந்து, இந்தச் செபத்தைப் பற்றிய பேச்சில் சாட்சி மட்டும் நின்றுவிட்டது. நன்றியும் அருளும் முன்னே வருவதால்தான் இது விசாரணையாகாமல் செபமாகிறது. தேடுகிறவன் தன் கண்ணை மட்டும் நம்பித் தேடவில்லை, வெளிச்சம் கேட்டுவிட்டுத் தேடுகிறான்.

தமிழுக்கு இந்த முறை வந்த வழி நீண்டது. முத்துக்குளித்துறையில் பணியாற்றிய என்றிக்கே என்றீக்கசு அடிகளார் 1580-இல் கொச்சியில் 'கொம்பெசியொனாயரு' என்ற பாவசங்கீர்த்தனக் கையேட்டைத் தமிழில் அச்சிட்டார். தமிழில் அச்சேறிய மிகத் தொடக்ககால நூல்களில் அது ஒன்று. கட்டளைகளின் வரிசையில் கேள்வி கேட்டு மனசாட்சியை ஆராயச் செய்யும் நூல் அது. பதினாறாம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் இயேசு சபைப் பார்வையாளர் நிக்கோலாவு பிமெந்தா சிதம்பரத்துக்கு வந்து, செஞ்சி நாயக்கர் கிருஷ்ணப்பரைச் சந்தித்தார். தில்லைக் கோயிலுக்குள் கோவிந்தராசர் சந்நிதித் திருப்பணியை அப்போது நாயக்கர் நடத்திக்கொண்டிருந்தார். அந்தச் சந்திப்புக்குப் பின் வெள்ளாற்று முகத்துவாரத்தில் இயேசு சபையார் கோயில் கட்ட நாயக்கரிடம் இசைவு கிடைத்தது. இன்றைய பரங்கிப்பேட்டைப் பகுதி அது. பிச்சாவரத்துக்குச் சற்று வடக்கே. பகலில் ஒருமுறை, இரவில் ஒருமுறை என்று நாளுக்கு இருமுறை இந்தச் சோதனையைச் செய்வது அந்தச் சபையாருக்கு விதி. அரசன், கோயில், கடல் என்று வெளியே எது நடந்தாலும் அந்த இரண்டு கால்மணிகள் அவர்களோடு வந்தன.

நூறாண்டுக்குப் பின் வீரமாமுனிவர் விருத்தாசலத்தை அடுத்த கோணான்குப்பத்தில் பெரியநாயகி மாதாவுக்குக் கோயில் எழுப்பினார். அவரும் அதே சபையார். ஊர் ஊராய்ப் போய் மறையுரைத்த வேதியர்களுக்காக 1727-இல் 'வேதியர் ஒழுக்கம்' எழுதினார். குருக்கள் ஆண்டுக்கு ஓரிரு முறையே வந்துபோன ஊர்களில் செபத்தை நடத்தியவர்கள் அந்த வேதியர்கள்தான். இரவுச் செபம், ஆத்தும சோதனை, உத்தம மனஸ்தாப மந்திரம் என்னும் வரிசை வீடுகளில் நிலைத்ததற்குப் பெரும்பாலும் அவர்களே காரணமாக இருக்க வேண்டும். நல்ல பாவசங்கீர்த்தனத்துக்கு வேண்டிய ஐந்து காரியங்களில் முதலாவது பாவங்களை நினைவுக்குக் கொண்டுவருவது என்று ஞானோபதேச வகுப்பில் படித்தவர்கள் இன்னும் ஏராளம்.

ஆனால் இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். பாவசங்கீர்த்தனத்துக்கு முன் செய்யும் சோதனைக்குக் கட்டளைகளின் பட்டியல் அளவுகோல். அந்திச் சோதனைக்கு அளவுகோல் அன்றைய நாளே. பட்டியலில் சிக்காததும் இதில் சிக்கும். ஒரு நாளை எடுத்து நடத்திப் பார்த்தால் இது விளங்கும்.

பிச்சாவரத்தில் துடுப்புப் படகு ஓட்டும் ஒருவர். கத்தோலிக்கர் என்று வைத்துக்கொள்வோம். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே சுரபுன்னையும் தில்லையும் அடர்ந்த உப்பங்கழி அவருடைய பணியிடம். சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைக் கொடுத்த மரம் இன்று நகரத்தில் இல்லை, இங்கேதான் நிற்கிறது. இரவு சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் உட்காருகிறார். நன்றியில் தொடங்குகிறார். பொத்தாம் பொதுவாக எல்லாவற்றுக்கும் நன்றி என்றால் அது வாய்ப்பாடாகிவிடும் என்பதால் பெயர் சொல்லியே நன்றி சொல்கிறார். விடிகாலையில் மனைவி எடுத்து வைத்த கஞ்சி. முதல் சவாரியில் தண்ணீரைக் கண்டு அழுத குழந்தை, வேர்களுக்கிடையே நண்டைக் காட்டியதும் சிரித்தது. காற்று எதிர்க்காமல் இருந்தது. பிறகு வெளிச்சம் கேட்கிறார். அதன்பின் மணிக்கு மணி நடக்கிறார்.

பதினொரு மணிக்கு ஓர் இளைய படகோட்டி முறை தவறி முன்னே போய்விட்டான். கோபத்தில் அவனுடைய தகப்பனை இழுத்து ஒரு சொல் வந்துவிட்டது. இது பட்டியலில் உண்டு. தானாகவே நினைவுக்கு வந்துவிடும். பிற்பகல் சவாரியைக் கடக்கும்போதுதான் மனம் ஓரிடத்தில் தட்டுகிறது. இடுப்பளவு தண்ணீரில் இருளர் பெண்கள் சிலர், பனையோலைப் பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு, சேற்றைக் கையால் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். கிட்டே போகச் சொன்னார்கள் வந்தவர்கள். போனார். கைப்பேசிகள் நீண்டன. ஒரு பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கரையேறும்போது நூறு ரூபாய் கூடுதலாகக் கிடைத்தது. வீட்டில் அன்றைய வரும்படியைச் சொன்னபோது அந்த நூறை மட்டும் சொல்லவில்லை.

இதில் எந்தக் கட்டளை மீறப்பட்டது? திருடவில்லை, பொய் சொல்லவில்லை. படகு அங்கே போகக் கூடாது என்ற தடையும் இல்லை. பட்டியலை வைத்துத் தேடினால் பிற்பகல் சுத்தம். ஆனால் மனைவியிடம் சொல்லாமல் விட்டது ஏன் என்று கேட்டதும் நூல் பிடிபடுகிறது. அங்கிருந்து பின்னோக்கிப் போனால் நூறு ரூபாய், அதற்குப் பின்னால் திரும்பிய முகம், அதற்கும் பின்னால் துடுப்பை அந்தப் பக்கம் திருப்பிய கணம். அந்தக் கணத்தில் கையில் ஒரு சிறு தயக்கம் இருந்தது, அதை மீறியே படகு போனது என்பது இப்போதுதான் தெரிகிறது. இஞ்ஞாசியார் செயலுக்கு முன்பே நினைவை வைத்ததன் பயன் இங்கே தெரிகிறது. செயலில் ஒன்றும் தெரியாத இடத்தில் நினைவு ஏற்கெனவே அசைந்திருக்கிறது.

மன்னிப்புக் கேட்கிறார். ஐந்தாவது படியில் நல்லவனாக நடப்பேன் என்று தீர்மானித்தால் அது நாளைக்கே கரைந்துவிடும். தீர்மானம் சிறியதாக, நேரமும் இடமும் உள்ளதாக இருக்க வேண்டும். அவருடைய தீர்மானம் இரண்டு. காலையில் படகுத்துறைக்குப் போனதும் அந்த இளைஞனிடம் முதலில் பேசுவது. பெண்கள் வேலை செய்யும் கால்வாயில் நுழையாமல், கேட்கிறவர்களிடம் "அவங்க வேலையா இருக்காங்க, நாம தள்ளிப் போவோம்" என்று சொல்வது. அவ்வளவுதான். பரலோக மந்திரம் சொல்லிவிட்டுப் படுக்கலாம்.

ஒரே பிழை திரும்பத் திரும்ப வந்தால் அதற்கென்று இஞ்ஞாசியார் தனியாக ஒரு முறை வைத்திருக்கிறார். எழுந்தவுடன் குறிப்பிட்ட அந்த ஒரு பிழையைக் குறித்து எச்சரிக்கையாகத் தீர்மானிப்பது. மதிய உணவுக்குப் பின் அதை எத்தனை முறை செய்தோம் என்று எண்ணுவது. இரவு உணவுக்குப் பின் மறுபடி எண்ணுவது. அவருடைய நூலில் இதற்கு வரைபடமே இருக்கிறது. வாரத்தின் ஏழு நாளுக்கும் இரட்டைக் கோடுகள். மேல் கோட்டில் மதியம் வரையிலான வீழ்ச்சிகளுக்குப் புள்ளி, கீழ்க்கோட்டில் இரவு வரையிலானவற்றுக்கு. நாள் செல்லச் செல்லக் கோடுகள் குறுகிக்கொண்டே போகும். பிழை குறையும் என்ற எதிர்பார்ப்பு அந்த வடிவத்திலேயே இருக்கிறது. பகலில் தவறும்போதெல்லாம் நெஞ்சில் கை வைத்துக்கொள்ள வேண்டும். கூட்டத்திலும் யாருக்கும் தெரியாமல் செய்யலாம் என்று அவரே குறிப்பிடுகிறார். இரவில் இரண்டு கோடுகளையும், மறுநாள் முதல் நாளையும், வார முடிவில் சென்ற வாரத்தையும் ஒப்பிட வேண்டும். இந்த முறை ஒரு வேளைக்கு ஒரு பிழையோடு நிற்கிறது. ஐந்தாறு பிழைகளுக்குச் சேர்த்துப் புள்ளி வைக்கப் போனால் விரைவிலேயே கைவிட நேரலாம்.

நாளைத் திரும்பிப் பார்ப்பது கிறிஸ்தவத்துக்கு மட்டும் உரியதன்று. கிறிஸ்தவம் பரவுமுன்பே உரோமாபுரிச் சிந்தனையாளர் செனக்கா, விளக்கு அணைந்து மனைவி பேச்சை நிறுத்திய பின் தம் நாளை முழுவதும் விசாரித்ததாகக் கோபத்தைப் பற்றிய நூலில் எழுதியிருக்கிறார். கடலூர், சிதம்பரம் பக்கமோ இதே பழக்கத்தின் வெவ்வேறு வடிவங்கள் ஒரே நிலப்பரப்பில் சேர்ந்த இடம்.

முதலில் சமணம். கடலூரின் ஒரு பகுதியான திருப்பாதிரிப்புலியூர் முற்காலத்தில் பாடலிபுத்திரம் என்ற பெயரோடு சமணப் பள்ளிக்குப் புகழ்பெற்றிருந்தது. அப்பர் தருமசேனராக அந்தப் பள்ளியில் இருந்ததாகப் பெரியபுராணம் சொல்கிறது. சமணத் துறவியின் கட்டாயக் கடமைகள் ஆறில் ஒன்று பிரதிக்கிரமணம். சொல்லுக்குப் பொருள் திரும்பி வருதல். பகலில் செய்தவற்றுக்கு மாலையில், இரவில் செய்தவற்றுக்கு விடியலில். அதற்கு மேல் பட்சத்துக்கு ஒருமுறை, நான்கு மாதத்துக்கு ஒருமுறை, ஆண்டுக்கு ஒருமுறை. நடக்கும்போது மிதிபட்ட சிற்றுயிர்கூடக் கணக்கில் வரும். அசையாமல் நின்று, மூச்சை எண்ணி, உடலைக் கைவிட்டதுபோல் இருப்பதும் இதோடு சேர்ந்தது. மன்னிப்பு அருளும் கடவுள் இங்கே இல்லை. உயிர் தன் எல்லையைத் தாண்டிப் போனது, தானே திரும்புகிறது. இஞ்ஞாசியாரின் முறையிலிருந்து இது பிரியும் இடம் அதுதான். இரண்டையும் ஒன்றென்று சொல்வது இரண்டுக்கும் நியாயமாகாது.

மாலைச் சந்தியாவந்தனத்தில் ஆசமனத்தோடு சொல்லும் மந்திரம், அன்று பகலில் மனத்தால், வாக்கால், கைகளால், கால்களால், வயிற்றால் செய்த பாவம் நீங்க வேண்டுகிறது. காலை மந்திரம் இரவின் பாவத்துக்கு. நினைவு, சொல், செயல் என்று கத்தோலிக்கர் மூன்றாகப் பகுப்பதை இது உறுப்பு உறுப்பாகப் பகுக்கிறது. ஆனால் நாளை மணி மணியாக நினைவுகூர்வது இதில் இல்லை. பாவத்தைப் பெயரிடாமல் ஒட்டுமொத்தமாக நெருப்பில் இடுவதே அதன் போக்கு.

கணக்குப் பார்ப்பது என்ற எண்ணத்தை முழுமையாக எடுத்துக்கொண்டது சூபி மரபு. முஹாசபா என்ற அரபுச் சொல்லே கணக்குப் பார்த்தல்தான். ஹிசாபு என்று பரங்கிப்பேட்டைக் கடைத்தெருவிலும் புழங்கும் சொல்லின் உறவு அது. 857-இல் மறைந்த அல்-முஹாசிபி என்ற ஞானிக்கு அந்தப் பழக்கமே பெயராயிற்று. 1111-இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி தம் பெருநூலில் மனத்தை வியாபாரக் கூட்டாளியாக வைத்துப் பேசுகிறார். காலையில் கூட்டாளியோடு நிபந்தனை பேசு. பகல் முழுக்க அவன்மேல் கண் வை. மாலையில் முதல் எவ்வளவு, லாபம் எவ்வளவு, நட்டம் எவ்வளவு என்று கணக்குக் கேள். மோசம் செய்திருந்தால் சும்மா விடாதே என்பது அவர் சொல்வதன் சாரம். காலை, மதியம், இரவு என்னும் இஞ்ஞாசியாரின் மூன்று வேளைக்கும் இதற்கும் உள்ள நெருக்கம் வியப்பானது. ஸ்பானிய மண்ணில் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் எண்ணூறு ஆண்டு அருகருகே வாழ்ந்தவர்கள். ஆனாலும் ஒன்றிலிருந்து மற்றது வந்தது என்று அதை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது. பகல் முழுக்கக் கொடுக்கல் வாங்கலில் வாழும் மனிதனுக்குத் தன்னையும் அதே கணக்கில் பார்க்கத் தோன்றுவது இயல்பு.

சிதம்பரத்தை அடுத்த மருதூரில் பிறந்த வள்ளலார் 1854-இல் எழுதிய 'மனுமுறைகண்ட வாசகம்' இன்னொரு வகை. மகனின் தேர்க்காலில் கன்று இறந்ததும் மனுநீதிச் சோழன், எந்தப் பாவத்தின் பயன் இது என்று தன்னையே அடுக்கடுக்காகக் கேட்டுக்கொள்கிறான். நிழல் தந்த மரத்தை அழித்தது முதல் வேலை வாங்கிக் கூலியைக் குறைத்தது வரை அந்தக் கேள்விகள் நீள்கின்றன. என்றிக்கே அடிகளாரின் கையேட்டைப் போல இதுவும் கேள்விப் பட்டியல்தான். ஆனால் பட்டியல் முழுக்க முழுக்கத் தமிழ் ஊரின் பாவங்கள். குளம், மண்டபம், கூலி, வழிப்போக்கன் என்று பிறருக்குச் செய்த கேடுகளே அதில் பெரும்பகுதி. ஆத்தும சோதனைக்குத் தமிழில் ஒரு துணைநூல் வேண்டுமென்றால் கத்தோலிக்கரும் இதைத் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம்.

இயேசு சபைக்குள்ளேயே இருபதாம் நூற்றாண்டில் ஒரு திருப்பம் வந்தது. 1972-இல் அமெரிக்க இயேசு சபைக் குரு ஜார்ஜ் ஆஷன்பிரென்னர் எழுதிய கட்டுரை ஒன்று, இதை மனசாட்சிச் சோதனை என்பதைவிட உணர்வைக் கவனித்தல் என்பதே சரி என்று வாதிட்டது. எது செய்தேன் என்பதற்கு முன்னால், எது என்னை இழுத்தது, எங்கே மனம் விரிந்தது, எங்கே வறண்டது, அந்த அசைவுகளில் இறைவன் எங்கே இருந்தார் என்று பார்க்கச் சொன்னது. ஞான ஒடுக்கங்களில் இன்று பெரும்பாலும் இந்த வடிவமே கற்பிக்கப்படுகிறது. இதில் ஆதாயமும் உண்டு, ஆபத்தும் உண்டு. படகோட்டி திரும்பிய முகத்தைக் கண்டது இந்த வழியில்தான். ஆனால் அசைவுகளை மட்டும் கவனித்து மன்னிப்பையும் தீர்மானத்தையும் விட்டுவிட்டால், நாள் முழுவதும் எப்படி உணர்ந்தேன் என்று தன்னைத் தானே தடவிக்கொடுக்கும் வேலையாகிவிடும். அந்த இளைஞனிடம் யாரும் போய்ப் பேச மாட்டார்கள்.

மற்றக் கோளாறுகள் எளிதில் கண்டுபிடிக்கக் கூடியவை. மணி மணியாகப் பார்க்கும்போது அடுத்தவர் பிழைகளே கண்ணில் பட்டால் சோதனை வழக்காடலாக மாறிவிட்டது. பத்து நாளாக அதே மூன்று பிழைகள் அதே சொற்களில் வந்தால் யாரும் நாளைப் பார்க்கவில்லை, மனப்பாடம் ஒப்பிக்கிறார்கள். தூக்கம் வந்துவிடுகிறது என்பவர்கள் படுக்கையில் செய்யாமல் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் உடனே செய்யலாம். ஒரு பிழைக்கான தனி முறைக்கு மூலநூலும் அந்த நேரத்தையே சொல்கிறது.

கடினமானது ஒன்றுதான். செய்யாததையும் செய்ததாக அஞ்சி, சொன்ன பாவத்தையே மீண்டும் மீண்டும் சொல்லி, மன்னிப்புக் கிடைத்ததா என்று கலங்கும் நிலை. அப்படிப்பட்டவருக்கு இந்தச் சோதனை மருந்தாகாது, நோயை வளர்க்கும். அடையாளம் தெளிவானது: கால்மணி முக்கால்மணியாக நீளும், நன்றி என்ற முதல் படி காணாமல் போகும், எழுந்திருக்கும்போது உட்கார்ந்ததைவிட மனம் இறுகியிருக்கும். அனுபவமுள்ள ஞானத்தந்தை அவரைச் சோதனையைக் குறைக்கச் சொல்வார், சில காலம் நன்றியோடு நிறுத்திக்கொள்ளவும் சொல்வார். இந்த நிலையை இஞ்ஞாசியார் ஏட்டில் படித்து அறியவில்லை. 1522-இல் மன்ரேசா என்ற ஊரில் தங்கியிருந்தபோது, முழுப் பாவசங்கீர்த்தனம் செய்த பிறகும் விட்டுப்போனது ஏதாவது இருக்குமோ என்று மாதக் கணக்கில் வதைந்தார். உயிரை விட்டுவிடலாமா என்று எண்ணும் அளவுக்கு அது போனது. கடைசியில் அந்த அச்சம் எங்கிருந்து வருகிறது, எப்படித் தொடங்கி எதில் முடிகிறது என்று அதன் போக்கையே கவனித்தார். அது இறைவனிடமிருந்து வரவில்லை என்று தெளிந்தார். அன்றுமுதல் கடந்துபோன பாவங்களை அவர் மறுபடி அறிக்கையிடவில்லை.